மூக்கில் ரத்தம்: ஸ்கேன் காட்டுவது ஒன்று, கசிகிற இடம் வேறொன்று

“டாக்டர், என் மகனுக்கு 9 வயது. மார்ச் மாதத்தில் இருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மூக்கில் ரத்தம் வருகிறது. எப்போதும் வலது பக்கம்தான். பெரும்பாலும் விடியற்காலையில். தலையணை உறை முழுக்க ரத்தமாக இருக்கும். ‘சில்லு மூக்கு உடைஞ்சிருச்சு, எல்லாம் சூட்டு உடம்பு’ என்று என் மாமியார் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றுவார். ஒரு நாள் ரத்தமாக வாந்தி எடுத்தான். தும்மல், மூக்கடைப்புக்காகப் பிப்ரவரியில் இருந்து ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடித்து வருகிறோம். ஸ்கேன் எடுத்ததில் நடுச்சுவர் வலது பக்கம் வளைந்திருக்கிறது, இடது டர்பினேட் பெருத்திருக்கிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள். என் மாமனாருக்கு பிரஷர் உண்டு. போன வருடம் மூக்கில் ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இது பரம்பரையா? மூளையில் இருந்து வருகிறதா? ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?”
— ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

மூளையில் இருந்து வரவில்லை. ஆபரேஷனுக்கு இப்போது அவசரமும் இல்லை, பெரும்பாலும் அவசியமும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ரத்தம் கசிகிற இடம் உங்கள் மகனின் வலது மூக்குத் துவாரத்துக்குள் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் தொலைவில், நடுச்சுவரின் மேல் இருக்க வேண்டும். நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தைப் பார்க்க ஸ்கேன் வேண்டியதில்லை. மூக்கு நுனியைக் கொஞ்சம் தூக்கி டார்ச் அடித்தால் போதும். உண்மையில் இந்த ஸ்கேனில் அது தெரியவே தெரியாது. எலும்பும் குருத்தெலும்பும் எப்படி வளைந்திருக்கின்றன என்று ஸ்கேன் காட்டும். சவ்வின் மேல் உடைந்திருக்கும் நூல் போன்ற ரத்தக்குழாயைக் காட்டாது. அதனால் ஸ்கேன் முடிவையும் ரத்தக் கசிவையும் உடனே முடிச்சுப் போட்டுவிட வேண்டாம்.

ஏன் முன்பக்கத்திலேயே உடைகிறது?

நம் மூக்கை இரண்டாகப் பிரிக்கிற சுவரின் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. இதன் முன்முனையில், விரல் நுனி எட்டுகிற தூரத்தில், நாலு திசைகளில் இருந்து வரும் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கலக்கின்றன. மேலே கண்குழி வழியாக ஒன்று இறங்குகிறது. மூக்கின் பின்கோடியில் இருந்து ஒன்று முன்னோக்கி வருகிறது. மூக்குக்கு வரும் ரத்தக்குழாய்களில் இதுதான் பெரியது. மேலண்ணத்தில் ஓடுகிற இன்னொன்று, முன்பற்களுக்குப் பின்னால் உள்ள சின்ன எலும்புத் துளை வழியே மேலே ஏறி வருகிறது. நாலாவது, மேலுதட்டில் இருந்து வரும் கிளை. நான்கும் சந்திக்கிற இந்த வலைப்பின்னலுக்கு லிட்டில் பகுதி என்றும் கீசல்பாக் பின்னல் என்றும் பெயர். 1879-இல் லிட்டில் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும், 1884-இல் கீசல்பாக் என்ற ஜெர்மன் மருத்துவரும் இதைப் பற்றி எழுதினார்கள். மூக்கில் ரத்தம் வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ரத்தம் இங்கிருந்துதான். குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும்.

மேலே இருந்து வருவதாகச் சொன்னேனே, அந்தக் குழாய் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் கிளையில் இருந்து பிரிவது. “மூளை ரத்தம்” என்ற பேச்சுக்கு இதைத் தவிர ஓர் ஆதாரமும் கிடையாது. ஊற்று ஒன்றாக இருக்கலாம். அதற்காக மூளையில் இருந்து மூக்குக்கு ரத்தம் ஒழுகாது. தலையில் பலமாக அடிபட்ட பிறகு மூக்கில் இருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வந்தால் மட்டும் அது வேறு கதை. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, ரத்தக்குழாய்கள் நிறைய இருப்பதால் மட்டும் ஓர் இடம் உடைந்துவிடுமா? பக்கத்திலேயே டர்பினேட்டுகள் இருக்கின்றனவே! மூக்கின் பக்கச்சுவரில் இருந்து சுருண்டு தொங்கும் மூன்று மடல்கள் அவை. கீழே இருப்பதுதான் பெரியது. அதன் உள்ளே ரத்தம் தேங்கி நிற்கும் பஞ்சு போன்ற அறைகள் நிறைய இருக்கின்றன. நாம் இழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அதன் வேலை. ரத்த அளவை வைத்து மட்டும் பார்த்தால் அதுதான் முதலில் ஒழுக வேண்டும். ஆனால் ஒழுகுவதில்லை. அதன் சவ்வு தடிமனானது, எப்போதும் ஈரமானது. அறைகளில் தேங்குவது அழுத்தம் குறைந்த ரத்தம். அது பக்கச்சுவரில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் குழந்தையின் விரலும் எளிதில் போய்த் தோண்டாது.

நடுச்சுவரின் முன்முனையில் எல்லாமே இதற்குத் தலைகீழ். சவ்வு மெல்லியது. அதன் அடியில் சதைப்பற்று இல்லை. நேராகக் குருத்தெலும்பின் மேல் இழுத்துப் போர்த்தியிருக்கிறது. வெளிக்காற்று ஈரமாவதற்கு முன்பே முதலில் மோதுகிற இடங்களில் ஒன்று அது. அதிலும் மூக்குப் பாதையின் மிகக் குறுகலான பகுதி இதையொட்டித்தான் இருக்கிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதல்லவா, அதைப் போலக் குறுகலான இடத்தில் காற்று வேகம் எடுக்கிறது. வேகமான வறண்ட காற்று சவ்வை உலர்த்தும். உலர்ந்த இடத்தில் பொருக்கு கட்டும். பொருக்கு அரிக்கும். பையன் நகத்தால் உரிப்பான். பொருக்கோடு சவ்வின் மேல்தோலும் பிய்ந்து வரும், கீழே இருக்கும் குழாய் திறந்துகொள்ளும். ரத்தம் நின்று அதன் மேல் புதுப் பொருக்கு கட்டும். நாலு நாளில் அதுவும் அரிக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை என்று நீங்கள் எழுதியிருக்கும் கணக்கு இந்தச் சுழற்சிதான்.

விடியற்காலையில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. இரவு முழுக்க மின்விசிறியோ ஏசியோ ஓடுகிறது, பொருக்கு நன்றாகக் காய்ந்துவிடுகிறது. படுத்திருக்கும்போது மூக்குச் சவ்வில் ரத்தம் தேங்கிக் கொஞ்சம் உப்பும். தூக்கத்தில் கை தானாக மூக்குக்குப் போகும். பையன் “நான் நோண்டவே இல்லை” என்று சத்தியம் செய்வான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது. திட்டாதீர்கள், நகத்தை மட்டும் ஒட்ட வெட்டி விடுங்கள்.

உங்கள் மாமியாருடைய “சூடு” பற்றி ஒரு வார்த்தை. அவர் கவனித்தது சரி, காரணம்தான் வேறு. மார்ச் முதல் மே வரை உள் மாவட்டங்களில் காற்று வறண்டு கிடக்கும். மூக்கு உடைவது அதனால். உடம்புக்குள் சூடு ஏறி அது மூக்கு வழியாக வெளியேறுவதில்லை. இளநீரும் மோரும் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அவை மூக்குப் பொருக்கை ஆற்றிவிடாது. வெங்காயச் சாறு விடுவது சவ்வை எரிக்கும், அது வேண்டாம். நல்லெண்ணெயை மூக்கில் ஊற்றுவதும் வேண்டாம். சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் போனால் எண்ணெயாலேயே ஒருவகை நிமோனியா வரும்.

ஸ்ப்ரே எந்தப் பக்கம் பார்க்கிறது?

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். ஸ்ப்ரே பிப்ரவரியில் தொடங்கியது, ரத்தம் மார்ச்சில். ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயின் பக்கவிளைவுகளில் அடிக்கடி வருவது மூக்கில் ரத்தம்தான். ஆனால் பலருக்கு மருந்தை விட அதை அடிக்கும் கோணம்தான் கெடுதல் செய்கிறது. வழக்கமாக அம்மா முனையைத் துவாரத்தில் வைத்து நேராக மேல்நோக்கி அழுத்துவார். முனை நடுச்சுவரைப் பார்த்திருக்கும். தினமும் அதே இடத்தில் மருந்து பீய்ச்சி அடிக்கும்போது ஏற்கெனவே மெலிந்த சவ்வு புண்ணாகும். உங்கள் மகனுக்கு நடுச்சுவர் வலது பக்கம் புடைத்து வேறு இருக்கிறது. நேராக அடித்தால் அந்தப் புடைப்பின் மேல்தான் விழும்.

புண் ஆறும்வரை, இரண்டு வாரம் போல, ஸ்ப்ரேயை நிறுத்தி வைக்கலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். திரும்பத் தொடங்கும்போது பையனே அடித்துக்கொள்ளப் பழக்குங்கள். தலையை லேசாக முன்னால் குனிந்து, வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. கை மாறினாலே முனை தானாக வெளிப்பக்கம் திரும்பிவிடும். அந்தந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிக்கோடியைக் குறிபார்த்து அடிக்க வேண்டும். மருந்து விழ வேண்டிய இடமும் அதுதான். பெருத்திருக்கும் டர்பினேட் பக்கச்சுவரில் அல்லவா இருக்கிறது.

வளைந்த சுவர், பெருத்த டர்பினேட், ஆபரேஷன்

நடுச்சுவர் நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பவர்கள் குறைவு. உங்கள் மகனுக்கு வலது பக்கம் வளைந்திருப்பதால் வலது பாதை குறுகி, காற்று அங்கே வேகமாகப் போகிறது. புடைப்பின் மேல் பொருக்கு கட்ட அது உதவுகிறது. ரத்தம் எப்போதும் வலப்பக்கமே வருவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வளைவு பல வருடங்களாக இருப்பது. ரத்தம் இந்த மார்ச்சில்தான் தொடங்கியது. புதிதாக வந்தவை வறண்ட காற்றும் ஸ்ப்ரேயும். முதலில் அவற்றைச் சரிசெய்வோம்.

இடது டர்பினேட் பெருத்திருப்பதைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். சுவர் வலப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்கம் இடம் கூடிவிடுகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் அந்தப் பக்க டர்பினேட் வளர்கிறது. ஒவ்வாமையும் அதைக் கொஞ்சம் வீங்க வைத்திருக்கும். அதுபோக, பெரும்பாலான மனிதர்களுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்க டர்பினேட் உப்பும், மறுபக்கம் சுருங்கும், அப்புறம் மாறிக்கொள்ளும். ஸ்கேன் எடுத்த அந்த நிமிடத்தில் எந்தப் பக்கத்தின் முறையோ, அது பெரிதாகத் தெரியும். எப்படிப் பார்த்தாலும் ரத்தம் வருவது வலது பக்கம். இடது டர்பினேட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நடுச்சுவரின் குருத்தெலும்பு குழந்தையின் மூக்கும் முகத்தின் நடுப்பகுதியும் முன்னோக்கி வளர்வதில் பங்கெடுக்கிறது. அதனால் மூச்சே விட முடியாத அளவு அடைப்பு போன்ற வலுவான காரணம் இல்லாவிட்டால், சுவரை நேராக்கும் அறுவையைப் பதினாறு பதினேழு வயது வரை தள்ளிப்போடுவதுதான் பொதுவான வழக்கம். அதுவும் மூச்சடைப்புக்காகச் செய்வது. குழந்தையின் ரத்தக் கசிவுக்கு அது முதல் வைத்தியம் அல்ல. உங்களிடம் ஆபரேஷன் என்று சொன்னவரிடம், “எதற்காக? ரத்தத்துக்கா, அடைப்புக்கா? கசிகிற இடத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஸ்கேன் பிரதியை வாங்கிக்கொண்டு இன்னொரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் தவறில்லை, எந்த டாக்டரும் அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த தடவை ரத்தம் வந்தால்

மல்லாக்கப் படுக்க வைத்தால் ரத்தம் நிற்பதுபோல் தோன்றும். நிற்கவில்லை, தொண்டைக்குள் போகிறது. வயிற்றில் சேர்ந்த ரத்தம் குமட்டும், கரும்பழுப்பாக வாந்தியாக வரும். உங்களைப் பயமுறுத்திய அந்த வாந்தி அப்படி வந்ததாகத்தான் இருக்கும். மறுநாள் மலம் கறுப்பாகப் போனாலும் அதே காரணம்தான்.

பையனை நிமிர்ந்து உட்கார வையுங்கள், தலை சற்று முன்னால் குனியட்டும். மூக்கின் எலும்புக்குக் கீழே மெத்தென்று இருக்கும் பகுதி முழுவதையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துப் பிடித்து இறுக்க வேண்டும். நிறையப் பேர் மேலே எலும்பைப் பிடிக்கிறார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. முன்முனையில் உடைந்த குழாய்க்கு அடியில் குருத்தெலும்பு இருப்பது இங்கே நமக்கு வசதி, வெளியில் இருந்து அழுத்தினால் சவ்வு அதன் மேல் நன்றாக அமுங்கும். வாயால் மூச்சு விடட்டும், வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பட்டும். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம். நடுவில் “நின்னுடுச்சா” என்று விட்டுப் பார்த்தால் கட்டிக்கொண்டிருக்கும் ரத்தம் கலைந்துவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் நிற்காவிட்டால் பிடித்த கையை விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பஞ்சு, துணி எதையும் உள்ளே திணிக்காதீர்கள். எடுக்கும்போது காய்ந்த ரத்தத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். நின்ற பிறகு அன்று முழுக்க மூக்கைச் சிந்தக் கூடாது.

தலையணை உறையைப் பார்த்துப் பதறாதீர்கள். இரண்டு மூன்று டீஸ்பூன் ரத்தம் வெள்ளைத் துணியில் பரவினாலே பயங்கரமாகத் தெரியும். 25 கிலோ உள்ள பையனின் உடம்பில் ஏறத்தாழ 2 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு மேல் அடிக்கடி போயிருப்பதால் ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சேர்ந்த ரத்தப் பரிசோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள்.

தாத்தாவும் பேரனும்

உங்கள் மாமனாருக்கு வந்தது பெரும்பாலும் வேறு இடத்து ரத்தம். வயதானவர்களுக்கு மூக்கின் பின்கோடியில், பெரிய குழாய் உள்ளே நுழையும் பகுதியில் உடைவது உண்டு. அங்கே விரலால் அழுத்திப் பிடிக்க வழியில்லை, ரத்தம் தொண்டையில் இறங்கும், எளிதில் நிற்காது. ஆஸ்பத்திரியில் மூக்கை அடைத்து வைத்தோ, குழாயையே மூடியோ நிறுத்த வேண்டியிருக்கும். பிரஷர் நேராக மூக்கை உடைக்கிறது என்பதை விட, பல வருட பிரஷர் குழாயை விறைப்பாக்குகிறது, உடைந்த பிறகு ரத்தம் நிற்பதைக் கடினமாக்குகிறது என்று சொல்லலாம். அவர் ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். சாப்பிட்டால் தானாக நிறுத்திவிடாமல் அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள். முதுமையில் ஒரு முறை வந்ததைப் பரம்பரை என்று சொல்ல முடியாது.

பரம்பரையாக வரும் ரத்தக் கசிவு நோய்கள் உண்டு. ஆனால் அவற்றின் அடையாளம் மூக்கோடு நிற்காது. பால்பல் விழுந்தபோது உங்கள் மகனுக்கு ரத்தம் நெடுநேரம் நிற்காமல் இருந்ததா? லேசான இடிக்கெல்லாம் பெரிய நீலத் தழும்பு வருகிறதா? வீட்டுப் பெண்களில் யாருக்காவது மாதவிலக்கு எப்போதும் மிக அதிகமா? எல்லாவற்றுக்கும் “இல்லை” என்றால், ஒரே பக்கம் மட்டும் வரும் ரத்தத்துக்கு ரத்த நோய் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆனால் “ஒரே பக்கம்” என்பதை நான் ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் மாட்டேன். வயதுக்கு வரும் பருவத்துப் பையன்களுக்கு மூக்கின் பின்பக்கம் ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு கட்டி அரிதாக வருவதுண்டு. அது புற்றுநோய் இல்லை, ஆனால் பெருகும். ஒரு பக்க மூக்கு நாளுக்கு நாள் அடைத்துக்கொண்டே போவதும், அதே பக்கம் ரத்தம் கொட்டுவதும் அதன் அடையாளங்கள். ஸ்கேனில் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதால் இப்போதைக்கு நிம்மதி. காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ கொடுக்கக் கூடாது. விளையாடும்போது மூக்கில் அடிபட்டு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டாலும் அன்றே காட்டுங்கள். குருத்தெலும்புக்கென்று சொந்த ரத்தக்குழாய் கிடையாது, இரண்டு பக்கச் சவ்வில் இருந்தும்தான் அதற்கு ஊட்டம். சவ்வுக்கும் அதற்கும் நடுவே ரத்தம் தேங்கினால் சில நாளில் குருத்தெலும்பு கரைந்து மூக்கு உட்கார்ந்துவிடும்.

அடுத்த நாலு வாரம்

மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை இரண்டு துவாரத்திலும் ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை விடுங்கள். இரவு படுக்கும் முன் அரைப் பட்டாணி அளவு வாசலினைத் துவாரத்தின் உள்விளிம்பில் தடவி, வெளியில் இருந்து மூக்கைப் பிடித்துப் பிடித்து விடுங்கள். தானாகப் பரவிவிடும், விரலை உள்ளே விட வேண்டாம். பொருக்கில் கிருமி சேர்ந்து மஞ்சளாக இருந்தால் டாக்டர் சில நாட்களுக்கு ஆன்டிபயாடிக் களிம்பு எழுதித் தருவார். ஏசி இருந்தால் அதன் காற்று நேராக முகத்தில் படாதபடி கட்டிலை நகர்த்துங்கள். நிறையக் குழந்தைகளுக்கு இதோடு நின்றுவிடும்.

நிற்கவில்லை என்றால் டாக்டர் அந்தக் குழாயைத் தேடிப் பிடித்து, மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, சில்வர் நைட்ரேட் குச்சியால் சில விநாடி தொட்டுச் சுடுவார். லேசாக எரியும், தும்மல் வரும், பையன் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அப்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் நடுச்சுவரின் இரண்டு பக்கமும் எதிரெதிரே சுடக் கூடாது. இரண்டு பக்கச் சவ்வும் ஒரே சமயத்தில் கருகினால் நடுவில் உள்ள குருத்தெலும்புக்கு ஊட்டம் போய்ச் சுவரில் ஓட்டை விழலாம். உங்கள் மகனுக்கு வலப்பக்கம் மட்டும் சுட்டால் போதும். இடப்பக்கமும் தேவை என்று டாக்டர் நினைத்தால், முதல் புண் ஆறச் சில வாரம் இடைவெளி விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.